மெக்கானிக்கலிலிருந்து டேட்டா அனாலிசிஸுக்கு மாறுபவர் ப்ரொஃபைல் சம்மரி எழுதுவது எப்படி?

ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் தரப் பிரிவில் இருக்கும் தம்பி ஒருவர், போன மாதம் தன் நௌக்ரி ப்ரொஃபைலை எனக்கு அனுப்பினார். நானும் அதே பாதையில் வந்தவன். ஷாப்ஃப்ளோரில் சில வருடம் இருந்துவிட்டு, இப்போது தரமணியில் டேட்டா அனாலிஸ்ட் வேலை. எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது ப்ரொஃபைல்களைப் படிப்பதும் என் வேலைதான். அவருடைய சம்மரி இப்படி இருந்தது:

"கடின உழைப்பாளி, எதையும் விரைவாகக் கற்றுக்கொள்பவர். மெக்கானிக்கல் துறையில் 6 ஆண்டு அனுபவம். டேட்டா சயின்ஸில் மிகுந்த ஆர்வம். பைத்தான், எஸ்.கியூ.எல்., பவர் பிஐ, டாப்லோ, மெஷின் லேர்னிங் தெரியும். சவாலான பொறுப்பைத் தேடுகிறேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதே ஐந்து வரியை இன்னொருவர் பெயரில் ஒட்டினாலும் அப்படியே பொருந்தும். அவர் செய்த ஒரு வேலைகூட இதில் இல்லை. ஆறு வருட அனுபவம் ஒரே வரியில் முடிந்துவிட்டது, ஆறு மாதம் படித்த மென்பொருள்கள் முன்னால் வந்துவிட்டன. துறை மாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள். பழைய வேலை தடையாகிவிடுமோ என்று பயந்து அதை மறைக்கப் பார்க்கிறார்கள். அதை மறைத்துவிட்டால், நேற்று கோர்ஸ் முடித்த கல்லூரி மாணவரோடுதான் போட்டி போட வேண்டியிருக்கும்.

நாங்கள் இருவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதைத் திருத்தினோம். அந்த வரிசையிலேயே இங்கே தருகிறேன்.

முதலில், எந்த நாற்காலி என்று முடிவு செய்யுங்கள்

டேட்டா அனாலிஸ்ட் என்ற ஒரே பெயரில் பல வேலைகள் இருக்கின்றன. வங்கியில் கடன் தரவைப் பார்ப்பவரும், இணையக் கடையில் விற்பனையைப் பார்ப்பவரும், ஆலையில் தரம், பராமரிப்பு, சப்ளை செயின் தரவைப் பார்ப்பவரும் அதே பெயரில்தான் அழைக்கப்படுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் பக்கம் ஆலைகளும், கிண்டி முதல் ஓ.எம்.ஆர். வரை மென்பொருள் அலுவலகங்களும் ஒரே ஊரில் இருப்பதால், சென்னையில் இந்த மூன்றாவது வகை வேலைக்கு மெக்கானிக்கல்காரருக்கு நல்ல பொருத்தம் உண்டு. முதல் மாற்றத்துக்கு அதைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி என்பது என் கருத்து. அங்கே ரிஜெக்‌ஷன், டவுன்டைம் என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். "டேட்டா சயின்ஸ்" என்ற பெரிய சொல்லைத் தம்பி எடுத்துவிட்டார். "உற்பத்தி, தரம் சார்ந்த தரவு" என்ற சிறிய சொல் அந்த இடத்துக்கு வந்தது.

அடுத்து, ஒரே ஒரு வேலையைத் தோண்டி எடுங்கள்

அதிக நேரம் பிடித்த பகுதி இதுதான்.

"அண்ணா, நான் பெருசா ஒண்ணும் பண்ணல. தினமும் ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் போட்டு மெயில் அனுப்புவேன், அவ்வளவுதான்" என்றார்.

"சரி. நீ அனுப்பின ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு யாராவது, எப்பவாவது, எதையாவது மாத்தினாங்களா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு தடவை இன்செர்ட் விஷயத்துல மாத்தினாங்க" என்றார். எங்களுக்கு வேண்டியது அந்த ஒரு தடவைதான்.

நடந்தது இது. அவர்கள் லைனில் பம்ப் பாடி ஒன்றுக்கு சி.என்.சி. இயந்திரத்தில் துளை கடைகிறார்கள். மாதம் சுமார் 40,000 பீஸ். ஒவ்வொரு பீஸின் துளை விட்டமும் ஏர் கேஜில் அளக்கப்பட்டு கணினியில் பதிவாகும். துளை பெரிதாகிவிட்டால் அந்தப் பீஸைக் காப்பாற்ற முடியாது, ஸ்கிராப்தான். மூன்று மாத சராசரி ரிஜெக்‌ஷன் 3.1%. ஷிஃப்ட் வாரியாகப் பார்த்தால் இரவு ஷிஃப்டில் 4.3%, மற்ற இரண்டிலும் 2.5%. இரவில் ஆட்கள் கவனமாக இல்லை என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள்.

இவர் ஏர் கேஜ் பதிவையும், செட்டர் கையால் எழுதும் இன்செர்ட் மாற்றப் பதிவேட்டையும் எக்செலில் இணைத்தார். மூன்று மாதத்துக்கு சுமார் 1,20,000 வரி. ஒவ்வொரு பீஸும் புது இன்செர்ட் போட்ட பிறகு எத்தனையாவது என்று எண் கொடுத்தார். இன்செர்ட் மாற்றியதும் வரும் முதல் 20 பீஸில் ரிஜெக்‌ஷன் 16%. அதற்குப் பிறகு வருபவற்றில் 1%. இந்த இரண்டு விகிதமும் இரவிலும் பகலிலும் ஒன்றாகவே இருந்தன. பகலில் டிஸ்பேட்ச் அவசரம் இருப்பதால் இன்செர்ட்டைப் பெரும்பாலும் இரவில்தான் மாற்றுவார்கள். இரவில் கடையும் பீஸ்களில் 22% இந்த முதல் 20 என்ற கூட்டத்தில் விழுந்தது, பகலில் 10% மட்டுமே. இரவின் கூடுதல் ரிஜெக்‌ஷனுக்குக் காரணம் அவ்வளவுதான்.

தேய்ந்த இன்செர்ட் துளையைச் சிறிதாக்கும். அதை ஈடுகட்ட ஆஃப்செட்டை ஏற்றிக்கொண்டே வருவார்கள். புது இன்செர்ட் போடும்போது அந்த ஆஃப்செட்டைத் திரும்பக் குறைக்காமல் விட்டால் துளை பெரிதாகிவிடும். இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவருக்குத்தான் இது புரியும். அதன்பின் மாற்றம் முடிந்ததும் ஆஃப்செட்டைத் திருத்தி, முதல் பீஸை அளந்து பார்த்த பிறகே ஓட்ட வேண்டும் என்று முறை வைத்தார்கள். மூன்று மாதத்தில் ரிஜெக்‌ஷன் 1.4%-க்கு வந்தது.

இதைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒரு பழி தவறு என்று தரவை வைத்துக் காட்டுவதுதான் அனாலிஸ்ட் வேலையின் மையம். அவர் அதைச் செய்துவிட்டு, "ரிப்போர்ட் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு இப்படி ஒன்று உடனே நினைவுக்கு வராவிட்டால் மெயிலைத் தேடாதீர்கள், பதிவேடுகளைத் தேடுங்கள். எந்த இரண்டு பதிவேட்டை ஒன்றாக வைத்துப் பார்த்தீர்கள், எந்த பரேட்டோ வரைபடத்துக்குப் பிறகு கூட்டத்தில் பேச்சு திசை மாறியது, எந்த உதிரிபாகத்தை முன்கூட்டியே மாற்றச் சொன்னீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் எதையும் மாற்றவில்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எண்ணைச் சரிபார்ப்பது

சம்மரியில் வரும் ஒவ்வோர் எண்ணும் நேர்காணலில் கேள்வியாகத் திரும்பி வரும். தம்பி முதலில் எழுதியது, "ரிஜெக்‌ஷனை 1.7% குறைத்தேன்." இது தவறு. 3.1-லிருந்து 1.4-க்கு வந்தது 1.7 சதவீதப் புள்ளி. சதவீதமாகச் சொன்னால், 1.7-ஐ 3.1-ஆல் வகுத்து, ஏறக்குறைய 55% குறைவு. அனாலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் இந்தக் குழப்பம் இருந்தால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். 55% என்று எழுதுவதும் எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் எதிலிருந்து என்று அது சொல்வதில்லை. "3.1%-லிருந்து 1.4%-க்கு" என்று இரண்டு முனையையும் எழுதிவிட்டால் குழப்பத்துக்கே இடமில்லை.

ரூபாய்க் கணக்கையும் அவர் போட்டிருந்தார். மாதம் 1,240 ஸ்கிராப் 560 ஆனது, மிச்சம் 680 பீஸ், அதை ஒரு பீஸின் விற்பனை விலையால் பெருக்கியிருந்தார். அதை எடுக்கச் சொன்னேன். ஸ்கிராப்பான பீஸ் எடைக்கு விற்கப்படும், அந்தப் பணத்தைக் கழிக்க வேண்டும். பெருக்க வேண்டியதும் விற்பனை விலை அல்ல, அதுவரை ஆன செலவு. நிதிப் பிரிவு ஒப்புக்கொண்ட சேமிப்புத் தொகை இருந்தால் மட்டும் ரூபாயை எழுதுங்கள். இல்லையென்றால் பீஸ் கணக்கே போதும்.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும். அதே சமயத்தில் வேறு ஏதாவது மாறியதா, ஒருவேளை காஸ்டிங் நன்றாக வந்ததா? இதற்கு அவரிடம் நல்ல பதில் இருந்தது. முதல் 20 பீஸின் ரிஜெக்‌ஷன் 16%-லிருந்து 4%-க்கு வந்தது, மற்ற பீஸ்களில் 1% அப்படியே நின்றது. காஸ்டிங் காரணமாக இருந்தால் இரண்டுமே குறைந்திருக்க வேண்டும். இது சம்மரியில் வராது, இடமும் இல்லை. ஆனால் எழுதும் முன்பே கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, யார் செய்தது என்பது. முறையை மாற்றியது புரொடக்‌ஷனும் செட்டரும். கண்டுபிடித்தது இவர். சம்மரியும் அப்படியே சொல்ல வேண்டும். "நானே குறைத்தேன்" என்று எழுதிவிட்டு, நேர்காணலில் இரண்டாவது கேள்வியில் பின்வாங்குவது நன்றாக இருக்காது.

மென்பொருள் பெயர்களை உண்மையாக்குவது

அவர் அந்த வேலையைச் செய்தது எக்செலில். எஸ்.கியூ.எல். தெரியும் என்பது கோர்ஸ் அளவில். இந்த இடைவெளியைச் சொற்களால் மறைக்கக் கூடாது, வேலை செய்துதான் மூட வேண்டும். அதே அலசலை எஸ்.கியூ.எல்.-இல் மறுபடி செய்யச் சொன்னேன். நிறுவனத்தின் தரவை வெளியே எடுத்துவரக் கூடாது. அது ஒப்பந்தத்தை மீறுவது, புதிய நிறுவனமும் அதைப் பார்த்தால் பயப்படும். அதனால் பகுதியின் பெயர், அளவு எதுவும் இல்லாமல், அதே போன்ற பத்திகளோடு தானே உருவாக்கிய மாதிரித் தரவில் செய்தார். வினவல் இவ்வளவுதான்:

```sql
WITH t AS (
  SELECT shift, is_reject,
         ROW_NUMBER() OVER (
           PARTITION BY insert_id
           ORDER BY checked_at) AS n
  FROM bore_log
)
SELECT shift, n <= 20 AS first20,
       COUNT(*) AS pcs,
       ROUND(100.0 * SUM(is_reject) / COUNT(*), 1) AS reject_pct
FROM t
GROUP BY shift, first20;
```

`ROW_NUMBER()` என்ற விண்டோ ஃபங்ஷன் ஒவ்வோர் இன்செர்ட்டுக்கும் பீஸ்களை ஒன்றிலிருந்து எண்ணுகிறது. அதன் பிறகு ஷிஃப்ட் வாரியாக முதல் 20, மீதி என்று பிரித்து விகிதம் பார்க்கிறோம். எஸ்கியூலைட்டிலும் மைஎஸ்கியூஎல் 8-இலும் ஓடும். இதையும் பவர் பிஐ டாஷ்போர்டு ஒன்றையும் கிட்ஹப்பில் போட்டு, இது மாதிரித் தரவு என்று முதல் வரியிலேயே எழுதினார். இப்போது எஸ்.கியூ.எல். தெரியும் என்ற சொல்லுக்குப் பின்னால் காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது.

மெஷின் லேர்னிங் என்ற சொல்லை எடுத்துவிட்டோம். அதற்கும் ஒரு காரணம் உண்டு. பயிற்சிக்காக AI4I 2020 Predictive Maintenance Dataset என்ற பொதுத் தரவில் ஒரு மாடல் செய்து, "97% துல்லியம்" என்று எழுதியிருந்தார். மெக்கானிக்கலிலிருந்து வருபவர்கள் அதிகம் எடுக்கும் தரவு அது. டார்க், சுழற்சி வேகம், டூல் தேய்மானம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அதில் உள்ள 10,000 வரியில் இயந்திரப் பழுது 339 மட்டும்தான். எந்த மாடலும் இல்லாமல், எல்லா வரிக்கும் "பழுது இல்லை" என்று சொன்னாலே 96.6% சரியாக வந்துவிடும். அதனால் 97% என்பது பெருமையாகச் சொல்லக்கூடிய எண் இல்லை. உண்மையான பழுதுகளில் எத்தனையைப் பிடித்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணை அவர் பார்த்திருக்கவில்லை. பார்க்காத வரை அந்த வரி சம்மரிக்கு வேண்டாம்.

இப்போது எழுதுவது

வேலைக்கு அனுப்புவது ஆங்கிலத்தில்தான். ஆனாலும் முதலில் தமிழில் எழுதிவிடுங்கள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் எல்லோர் ப்ரொஃபைலிலும் இருக்கும் பளபளப்பான சொற்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அம்மாவுக்குச் சொல்வது போலத் தமிழில் எழுதினால், என்ன செய்தேன் என்று சொல்லாமல் தப்பிக்க முடியாது. தம்பி எழுதி முடித்தது இது:

"வாகன உதிரிபாக ஆலையில் 6 ஆண்டு பணிபுரிந்த மெக்கானிக்கல் எஞ்சினியர், அதில் 4 ஆண்டு தரப் பிரிவில், உற்பத்தி, தரம் சார்ந்த தரவில் டேட்டா அனாலிஸ்ட் பொறுப்பை நாடுகிறார். சி.என்.சி. லைன் ஒன்றின் 1,20,000 அளவுப் பதிவுகளை இன்செர்ட் மாற்றப் பதிவேட்டோடு எக்செலில் இணைத்து, ஸ்கிராப் அதிகமாக இருப்பதற்குக் காரணம் இரவு ஷிஃப்ட் அல்ல, இன்செர்ட் மாற்றிய பின் வரும் முதல் 20 பீஸ் என்று கண்டறிந்தார். அதைக் கொண்டு புரொடக்‌ஷன் குழு ஆஃப்செட் முறையை மாற்றியதில், ரிஜெக்‌ஷன் மூன்று மாதத்தில் 3.1%-லிருந்து 1.4%-க்கு வந்தது. அதே அலசலை மாதிரித் தரவில் எஸ்.கியூ.எல்., பவர் பிஐ கொண்டு செய்து கிட்ஹப்பில் வைத்துள்ளார். எக்செலில் பவர் குவெரி, பிவட் அன்றாடப் பயன்பாடு, எஸ்.கியூ.எல்.-இல் விண்டோ ஃபங்ஷன் வரை, பைத்தானில் பாண்டாஸ் அடிப்படை."

முதல் வாக்கியம் இவர் யார், எங்கே போகிறார் என்று சொல்கிறது. துறை மாறுகிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டதால், மெக்கானிக்கல் ஆள் ஏன் இங்கே வந்தார் என்று படிப்பவர் குழம்ப வேண்டாம். இரண்டாவதும் மூன்றாவதும்தான் எல்லாம். கேள்வி, தரவு, கண்டது, விளைவு என்று அந்த இரண்டிலும் வந்துவிடுகிறது. நான்காவது, பழைய வேலையையும் புதிய மென்பொருளையும் கட்டிப்போடும் முடிச்சு. கடைசி வாக்கியத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் எதுவரை தெரியும் என்று எல்லை போட்டிருக்கிறோம். "பாண்டாஸ் அடிப்படை" என்று எழுதத் தம்பி தயங்கினார். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது, அது இருப்பதால் மற்ற இரண்டையும் நம்பத் தோன்றுகிறது.

ஆங்கிலத்துக்கு மாற்றும்போது "நான்" என்ற சொல் இல்லாமல் வினையில் தொடங்குவது வழக்கம். இன்செர்ட், ஆஃப்செட் போன்றவை ஹெச்.ஆரில் முதலில் படிப்பவருக்குப் புரியாமல் போகலாம், அதனால் "டூல் மாற்றம்", "செட்டிங்" என்று எளிதாக்கினோம். விளம்பரத்தில் இருக்கும் சொல்லும் உங்கள் சொல்லும் ஒன்றாக இருப்பது நல்லது. ஆள் தேடுபவர்கள் அந்தச் சொல்லைத் தட்டித்தான் தேடுகிறார்கள். "ரிஜெக்‌ஷன் அலசல்" என்பதோடு "ரூட் காஸ் அனாலிசிஸ்" என்ற பெயரையும் ஓர் இடத்தில் சேர்த்தோம். செய்தது அதுதானே.

எங்கே போடுவது

நௌக்ரியில் ப்ரொஃபைல் சம்மரிக்கு 1,000 எழுத்துகள் வரை இடம், மேலே வரும் ரெஸ்யூமே ஹெட்லைனுக்கு 250. மேலே உள்ளது ஆங்கிலத்தில் 1,000-ஐ ஒட்டியே வரும். நீண்டுவிட்டால் கடைசி வாக்கியத்தைச் சுருக்குங்கள், நடுவில் உள்ளதைத் தொடாதீர்கள். மென்பொருளுக்குத் தனிக் கட்டம் எப்படியும் இருக்கிறது. ஹெட்லைனுக்கு முதல் வாக்கியத்தோடு 3.1-லிருந்து 1.4 என்பதைச் சேர்த்தால் போதும்.

லிங்க்ட்இன்னில் இதற்கான பகுதிக்கு 2,600 எழுத்துகள் வரை இடம் உண்டு. ஆனால் முதலில் சில வரிதான் தெரியும், மீதி ஒரு தட்டு தட்டினால்தான் விரியும். அதனால் அங்கே வரிசையை மாற்றினோம். இரவு ஷிஃப்ட் கதை முதலில், யார் என்ற அறிமுகம் அதற்குப் பின். அங்கே "நான்" என்று எழுதலாம், இடமும் தாராளம் என்பதால் காஸ்டிங் கேள்விக்கான பதிலையும் இரண்டு வரியில் சேர்த்தார்.

இப்போதைய நிறுவனத்துக்குத் தெரியக் கூடாது என்றால், நௌக்ரியில் குறிப்பிட்ட நிறுவனங்களுக்கு ப்ரொஃபைலை மறைக்கும் வசதி இருக்கிறது, அதை முதலில் போடுங்கள். லிங்க்ட்இன்னில் வேலை தேடுவதை ஆள் தேடுபவர்களுக்கு மட்டும் காட்டலாம். ஆனால் சொந்த நிறுவனத்துக்குத் தெரியவே தெரியாது என்று அவர்களே உறுதி தருவதில்லை. வாடிக்கையாளர் பெயர், பாகத்தின் எண், துளையின் அளவு எதுவும் எங்கேயும் வர வேண்டாம்.

போடும் முன் ஒரு சோதனை

சம்மரியை அச்செடுத்து, ஷாப்ஃப்ளோரில் உங்களோடு இருந்த ஒருவரிடமும், ஆலைக்குள் கால் வைக்காத ஒருவரிடமும் கொடுங்கள். முதலாமவர் "அப்படி நடக்கலையே" என்று சொல்லும் இடமும், இரண்டாமவர் "இதுக்கு என்ன அர்த்தம்" என்று கேட்கும் இடமும்தான் திருத்த வேண்டியவை. தம்பியின் பழைய செட்டர் படித்துவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார். முதல் பீஸை அளக்கும் யோசனை தரப் பிரிவிலிருந்து வரவில்லை, அது தன்னுடையது என்றார். அது உண்மைதான். "அதைக் கொண்டு தரப் பிரிவு" என்றிருந்த இடம் "அதைக் கொண்டு புரொடக்‌ஷன் குழு" என்று மாறியது அன்றைக்குத்தான்.